பொரிக்க, தாளிக்க, பச்சைக் காயில் கலக்க எந்த எண்ணெய்? புகைநிலையைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

சமையலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயை முதலில் வாங்கிவிட்டு, அதில் என்ன செய்யலாம் என்று பிறகு யோசிக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வாங்கிய மரச்செக்கு எண்ணெயில் ஜவ்வரிசி வடாம் பொரிக்க முயன்று சமையலறை முழுவதும் புகையாக்குவதும், மணமே இல்லாத ரீஃபைண்ட் எண்ணெயைக் கோசுமரியில் ஊற்றிவிட்டுச் சுவை இல்லையே என்று வருந்துவதும் இதனால்தான். வரிசையை மாற்றினால் போதும். உணவு எவ்வளவு சூட்டைக் கேட்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்; அந்தச் சூட்டைப் புகையாமல் தாங்கும் எண்ணெய்கள் எவை என்று அடுத்துப் பார்க்க வேண்டும்; மணமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

சேலத்து வீடுகளில் அடிக்கடி செய்யும் வடாம், தட்டுவடை, தாளிப்பு, பச்சைக் காய்க் கலவை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அந்த வரிசையை விளக்குகிறேன்.

## 1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

மூன்று எண்ணெய்கள் போதும். பொரிப்பதற்கு ரீஃபைண்ட் கடலெண்ணெய் அல்லது தவிட்டு எண்ணெய், தாளிப்பதற்கும் பச்சையாகக் கலப்பதற்கும் செக்கு நல்லெண்ணெய், மிதமான சூட்டில் வதக்குவதற்கும் சில பலகாரங்களுக்கும் செக்குக் கடலெண்ணெய். நெய் வீட்டில் இருக்குமானால் அதையும் தாளிப்புக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாத்திரங்களில், அடி கனமான இரும்பு வாணலி ஒன்றும், அதைச் சரியாக மூடும் தட்டு ஒன்றும் கட்டாயம் தேவை. தட்டு சமையலுக்காக அல்ல, எண்ணெய் தீப்பிடித்தால் மூடுவதற்காக. ஆகவே அடுப்பை மூட்டும் முன்பே அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 250 டிகிரி செல்சியஸ் வரையாவது காட்டும் சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் கற்றுக்கொள்வது எளிது. இல்லாவிட்டாலும் செய்யலாம், அதற்கான அடையாளங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலோ உங்கள் தெருக் கடையிலோ எண்ணெய் வாங்கும்போது, போத்தலின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். கலப்பு எண்ணெய் என்றால் அது எந்தெந்த எண்ணெய்களின் கலவை என்று அங்கேதான் இருக்கும். நல்லெண்ணெய்க்கு அருகிலேயே, அதே நிறத்தில், தீப எண்ணெய்ப் போத்தல்களும் அடுக்கப்பட்டிருக்கும். அவை விளக்கேற்றுவதற்கு மட்டுமே உரியவை. விலை குறைவாக இருக்கிறது என்று அவசரத்தில் எடுத்துவிடக் கூடாது.

## 2. புகைநிலை என்பது என்ன

எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதன் மேற்பரப்பிலிருந்து மெல்லிய நீலம் கலந்த புகை விடாமல் எழத் தொடங்கும். அந்தச் சூடுதான் அந்த எண்ணெயின் புகைநிலை. அங்கே எண்ணெய் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிதைவில் உண்டாகும் அக்ரோலின் என்ற பொருள்தான் கண்ணை எரியவைத்துத் தொண்டையைக் கமறவைக்கிறது. உணவுக்கும் ஒரு கசப்பு ஏறிவிடுகிறது.

புகைநிலையும் கொதிநிலையும் வேறு. வாணலியில் எண்ணெய் கொதிப்பதைப் போல நாம் காண்பது, மாவிலோ காயிலோ உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும் குமிழிகளே. ஒன்றும் போடாத எண்ணெய் குமிழியே விடாமல் அமைதியாக இருந்துகொண்டு நேராகப் புகைநிலைக்குப் போய்விடும். எண்ணெய் கொதிக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் புகையில் போய் முடிவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே கடலையிலிருந்து எடுத்த இரண்டு எண்ணெய்களுக்கு வெவ்வேறு புகைநிலை இருக்கும். செக்கில் ஆட்டி வடித்த எண்ணெயில் கடலையின் நுண்துகள்களும், சிறிதளவு ஈரமும், தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலங்களும் தங்கியிருக்கின்றன. மணத்தைத் தரும் பொருள்களும் அவற்றோடுதான் இருக்கின்றன. சூடு ஏறும்போது முதலில் கருகுபவையும் புகைபவையும் இவையே. சுத்திகரிப்பில் இவை நீக்கப்படுவதால் ரீஃபைண்ட் எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்குகிறது, அதே காரணத்தால் மணத்தை இழக்கிறது. எண்ணெயின் பெயரை மட்டும் சொல்லிப் புகைநிலையைக் கேட்பது அதனால்தான் பயன்படாது. செக்கா, ரீஃபைண்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோராயமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ரீஃபைண்ட் கடலெண்ணெய், ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் ஆகியவை 220 முதல் 230 டிகிரியை ஒட்டிப் புகையும். செக்கு எண்ணெய்களில் கடலெண்ணெய் 160 டிகிரியை ஒட்டியும், நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் 175 டிகிரியை ஒட்டியும் புகையும். நன்றாகக் காய்ச்சிக் கசடு நீக்கிய நெய் 230 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் வெண்ணெயில் பால் துகள்கள் இருப்பதால் அது சீக்கிரம் கருகிவிடும். செக்கு எண்ணெய்க்கான எண்கள் ஆட்டிய விதத்தையும் எண்ணெயின் பழமையையும் பொறுத்து மேலும் கீழும் போகும் என்பதால், உங்கள் போத்தலை நீங்களே ஒருமுறை சோதிப்பது நல்லது.

## 3. உங்கள் எண்ணெயை ஒருமுறை சோதித்துப் பார்த்தல்

சிறிய, ஈரமே இல்லாத பாத்திரத்தில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் ஊற்றுங்கள். ஆழம் குறைந்தால் வெப்பமானியின் முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டு, எண்ணெயின் சூட்டுக்குப் பதிலாக உலோகத்தின் சூட்டைக் காட்டும். சன்னலைத் திறந்துவிட்டு, மிதமான தீயில் வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள்.

செக்கு எண்ணெயானால் 100 டிகிரியைத் தாண்டும்போது லேசான படபடப்பும் வெண்மையான ஆவியும் தோன்றலாம். இது புகை அல்ல. எண்ணெயில் தங்கியிருந்த ஈரம் வெளியேறுகிறது. சற்று நேரத்தில் தானே அடங்கும், மூக்கைத் துளைக்காது. புகையோ நீலமாக, நூலைப் போல மெலிந்து, நிற்காமல் எழும், கமறும். பாத்திரத்துக்குப் பின்னால் கறுப்பான ஏதேனும் இருந்தால் அந்த முதல் இழை நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்தவுடன் சூட்டைக் குறித்துக்கொண்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். குறித்த எண்ணைப் போத்தலிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த சூட்டில் புகை வந்தால், அடியில் கசடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஆட்டி வாங்கிய எண்ணெயை இரண்டொரு நாள் அசையாமல் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொண்டால் புகை தாமதமாகும். தெளிந்த எண்ணெயும் சீக்கிரம் புகைந்து, காறல் வாடையும் அடித்தால் அது பழைய எண்ணெய். பச்சையாகக் கலக்கவும் உதவாது.

## 4. பொரித்தல்: வடாமும் தட்டுவடையும் ஒரே மாலையில்

எண்ணெய்த் தேர்வு எங்கே சறுக்குகிறது என்பதை இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது தெளிவாகக் காணலாம். இரண்டும் பொரிப்பதுதான், ஆனால் கேட்கும் சூடு வெவ்வேறு.

ஜவ்வரிசி வடாம் 190 டிகிரியை ஒட்டிய சூட்டைக் கேட்கிறது. காய்ந்த வடாமுக்குள் மிச்சமிருக்கும் சிறிதளவு ஈரம் ஒரே நொடியில் ஆவியாக மாறி, இளகிய மாவை உள்ளிருந்து தள்ளினால்தான் அது மலரும். சூடு போதாவிட்டால் ஈரம் மெதுவாகக் கசிந்துவிட, வடாம் நடுவில் கல்லாக நின்று எண்ணெயைக் குடிக்கும். தட்டுவடைக்கு நேர்மாறு. மெலிதாகத் தட்டிய மாவின் நடுவிலுள்ள ஈரம் முழுவதும் நிதானமாக வெளியேற வேண்டும். 160 டிகிரியை ஒட்டிய சூடு போதும். 190 டிகிரியில் போட்டால் மேலே சிவந்து, உள்ளே மாவு வேகாமல், ஆறியதும் நமுத்துப்போகும்.

இப்போது எண்ணெயைப் பொருத்திப் பார்க்கலாம். சமைக்கும் சூட்டுக்கும் புகைநிலைக்கும் இடையே 20 டிகிரியாவது இடைவெளி இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஈடு எடுத்து அடுத்த ஈடு போடுவதற்குள் எண்ணெயின் சூடு தானாகவே ஏறிவிடுகிறது. வடாமுக்குச் செக்குக் கடலெண்ணெய் பொருந்தவே பொருந்தாது. வடாம் மலரும் சூட்டுக்கு முன்பே அது புகைந்துவிடும். தட்டுவடைக்கும் அது விளிம்பில்தான் நிற்கிறது. இரண்டையும் ஒரே வாணலியில் செய்வதானால் ரீஃபைண்ட் கடலெண்ணெயோ தவிட்டு எண்ணெயோதான் சரி.

தட்டுவடை மாவுக்கு அளவு: அரிசி மாவு இரண்டு கோப்பை, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வறுத்தரைத்த உளுத்தமாவு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. இதில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி ஊற்றிப் பிசிறிய பிறகு தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். இந்த இடத்தில் செக்குக் கடலெண்ணெயைப் பயன்படுத்துங்கள். அதிகம் காயவைக்க வேண்டியதில்லை என்பதால் அது புகையாது. கடலையின் மணமும் மாவுக்குள் தங்கிவிடும்.

பொரிக்க, வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் வாணலியின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. முதலில் வடாம், பிறகு தட்டுவடை. தட்டுவடையிலிருந்து உதிரும் மாவு எண்ணெயில் தங்கிவிடும். அதன்பின் வடாமுக்காகச் சூட்டை ஏற்றினால் அந்த மாவு கருகிப் புகை எழுப்புவதோடு, வெள்ளை வடாமில் கறுப்புப் பொட்டுகளாக ஒட்டிக்கொள்ளும். தெளிந்த எண்ணெயில் அதிகச் சூட்டு வேலையை முடித்துவிட்டுத் தீயைக் குறைத்துக் காத்திருப்பதே சரியான வரிசை.

வெப்பமானி இல்லாதவர்கள் வடாமின் சிறு துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் மேலெழுந்து இரண்டு மூன்று நொடிகளில் முழுதாக மலர்ந்தால் சூடு சரி. அடியில் கிடந்து மெதுவாக எழுந்தால் போதாது. மலர்ந்த வேகத்தில் ஓரம் சிவந்தால் அதிகம். வடாம் முடிந்ததும் அடுப்பை அணைத்துச் சில நிமிடங்கள் விடுங்கள். பிறகு மிதமான தீயில் வைத்து, தட்டுவடை மாவில் ஒரு கிள்ளு போட்டால், அது அடிவரை போய், சில நொடிகள் கழித்துக் குமிழிகளோடு நிதானமாக மேலே வர வேண்டும்.

ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு தட்டுவடைக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு சரிந்துவிடும். அதைச் சரிசெய்யத் தீயை முழுவதும் ஏற்றுவார்கள். ஈடு எடுத்த பிறகு அந்தத் தீயிலேயே வெறும் எண்ணெய் நின்று புகைநிலையை எட்டிவிடும். பொரிக்கும்போது வரும் புகையில் பெரும்பகுதி இந்த இடைவேளையில்தான் வருகிறது. ஜல்லிக்கரண்டியால் ஈட்டை எடுக்கும் முன்பே தீயைக் குறைத்துவிடுவது இதற்குத் தீர்வு. தட்டுவடையைச் சுற்றிய சலசலப்பும் குமிழிகளும் ஏறக்குறைய அடங்கியதும் எடுக்கலாம். ஈரம் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

எண்ணெய் தொடர்ந்து புகையத் தொடங்கிவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு வாணலியை இருந்த இடத்திலேயே விடுங்கள், தூக்க வேண்டாம். தீப்பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். எந்த நிலையிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடிக்குப் போய்ச் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசியடிக்கும்.

## 5. தாளித்தல்

தாளிப்பில் எண்ணெயின் அளவு மிகக் குறைவு என்பதுதான் சிக்கல். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சூடேற அதிக நேரம் பிடிப்பதில்லை. கடுகு வெடிப்பதற்கும் எண்ணெய் புகைவதற்கும் இடையே சில நொடிகள்தான் இருக்கின்றன. எனவே அதிகம் தாங்கும் எண்ணெயைத் தேடுவதைவிட, பொருள்களை முன்கூட்டியே வரிசையாக எடுத்து வைத்துக்கொள்வது முக்கியம். எண்ணெய் காய்ந்த பிறகு பெருங்காய டப்பாவைத் தேடுகிறவர்களுக்கு எந்த எண்ணெயும் உதவாது.

தாளிக்கும் கரண்டியில் ஈரம் இல்லாமல் துடைத்து, செக்கு நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். எண்ணெய் இளகிக் கரண்டியைச் சாய்த்தால் எளிதாக ஓடும் நிலையிலேயே கடுகைப் போட்டுவிடலாம். புகை தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதுதான் வெடிப்பு. அது நிகழ்ந்தால் எண்ணெய் போதிய சூட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பாதிக் கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமாகத் தொடங்கியதும் கிள்ளிய வரமிளகாய். உடனே அடுப்பை அணைத்துவிட்டுக் கறிவேப்பிலையும் பெருங்காயமும். கடைசி இரண்டுக்கும் எண்ணெயில் மிச்சமிருக்கும் சூடே போதும். கறிவேப்பிலையின் ஈரம் எண்ணெயின் சூட்டை இறக்கியும் விடுகிறது, ஆகவே அதைக் கடைசியில் போடுவதில் பாதுகாப்பும் உண்டு.

நல்லெண்ணெய் இந்த வேலைக்குப் பொருந்துகிறது. பொருள்கள் பொரியும் சூட்டை அது எட்டுகிறது. அந்தச் சூட்டில் அது இருப்பதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதன் மணமும் குழம்பில் நிற்கிறது. பருப்புக்கும் பொங்கலுக்கும் நெய் இன்னும் எளிது, ஏனென்றால் அது புகைய நெடுநேரம் ஆகும். தீயைக் கட்டுப்படுத்தப் பழகும்வரை நெய்யில் தாளித்துக் கற்பது நல்லது என்பது என் கருத்து.

## 6. பச்சைக் காய்க் கலவை

இங்கே சூடே இல்லாததால் புகைநிலையை மறந்துவிடலாம். மணமும் புதுமையும்தான் தேர்வை முடிவு செய்கின்றன, ஆகவே செக்கு எண்ணெய்க்கு இதுவே மிகப் பொருத்தமான இடம். அதிகப் புகைநிலை கொண்ட விலையுயர்ந்த ரீஃபைண்ட் எண்ணெயைக் கலவையில் ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை.

தட்டுவடை செட்டுக்குத் துருவும் காரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றையே எடுத்துக்கொள்வோம். துருவியதைத் துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள்; ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது. இரண்டு கோப்பைத் துருவலுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். உப்பு எண்ணெயில் கரையாது என்பதால் அதை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக்கொண்டு, அந்தச் சாற்றைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் உப்பு காயிலிருந்து நீரை இழுத்து, அடியிலிருக்கும் தட்டுவடையை ஊறவைத்துவிடும்.

## 7. பொரித்து மீந்த எண்ணெய்

ஒருமுறை பொரித்த எண்ணெயின் புகைநிலை, போத்தலில் இருந்தபோது இருந்த அளவில் இருக்காது. உணவின் ஈரமும் சூடும் சேர்ந்து எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகின்றன. கருகிய மாவும் சேர்கிறது. செக்கு எண்ணெயைச் சீக்கிரம் புகையவைக்கும் அதே காரணங்கள், ரீஃபைண்ட் எண்ணெயிலும் இப்படி வந்து சேர்கின்றன. ஆகவே நேற்று வடாம் பொரிந்த எண்ணெய் இன்றைக்கும் அதே தீயைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

புகைநிலை அதிகம் என்பதால் மட்டும் ஓர் எண்ணெய் மீண்டும் மீண்டும் காய்ச்சத் தகுந்ததாகிவிடாது. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் புகையத் தாமதமாகும். ஆனாலும் அதில் காற்றோடு எளிதில் வினைபுரியும் கொழுப்பு அதிகம் என்பதால், புகை தெரியாமலேயே சூட்டில் கெடத் தொடங்குகிறது. ஒருமுறை பொரிக்க அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மிச்சத்தை எடுத்துவைக்கும் எண்ணம் இருந்தால் கடலெண்ணெயைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணெய் ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டொரு நாளில் வதக்குவதற்குப் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். மறுபடி பொரிக்க வேண்டாம். பழையதோடு புதியதை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் புகையும். சூடாக்கும்போது மேலே நுரை கட்டி அடங்காமல் நின்றாலும், கையில் பிசுபிசுத்தாலும், மிதமான தீயிலேயே புகைந்தாலும் அதைக் கழித்துவிடுங்கள். கடைகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஓர் எல்லை வைத்திருக்கிறது: காய்ச்சுவதால் எண்ணெயில் உண்டாகும் முனைவுள்ள சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்கும் கருவி இல்லாததால், நுரையையும் பிசுக்கையும் புகையையும்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. கழித்த எண்ணெயைத் தொட்டிக் குழாயில் ஊற்றாமல், பழைய காகிதத்திலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் சேர்க்கலாம்.

## 8. ஏற்காட்டில் மாற வேண்டியவை

சேலத்தில் கற்றதை ஏற்காட்டில் செய்து பார்ப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எண்ணெயின் புகைநிலை நடைமுறையில் மாறுவதில்லை. ஆனால் வடை, போண்டா போன்ற ஈரமான மாவின் உட்புறம், தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. எனவே மேலே சிவக்கும் வேகம் அப்படியே இருக்க, உள்ளே வேக அதிக நேரம் ஆகிறது. எண்ணெயின் சூட்டை எட்டு டிகிரி அளவுக்குக் குறைத்து, கூடுதல் நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். காய்ந்த வடாமுக்கு இந்த மாற்றம் தேவையில்லை.

அடுத்தது தேங்காயெண்ணெய். அது 24 டிகிரியை ஒட்டி உறையும் எண்ணெய். மலைக் குளிரில் போத்தலிலேயே கட்டியாக நிற்கும். வெந்நீரில் வைத்து உருக்கினாலும், குளிர்ந்த காயின் மேல் பட்டவுடன் வெள்ளைத் துகள்களாக உறைந்து வாயில் மெழுகுபோல் ஒட்டும். அங்கே பச்சைக் கலவைக்கு நல்லெண்ணெயோ கடலெண்ணெயோதான் ஏற்றது. தாளிப்பதற்குத் தேங்காயெண்ணெயைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மலையில் விளையும் வெண்ணெய்ப்பழத்தைக் கலவையில் சேர்ப்பதானால் எண்ணெயே வேண்டாம். பழத்திலுள்ள கொழுப்பே காயைப் பூசிக்கொள்ளும், உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் போதும்.